மறுமுறுக்கு

என் வீட்டுக்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேம்புலி. ஆனால் பூந்தமல்லி, குமணன்சாவடி, காட்டுப்பாக்கம் எங்கே போய்க் கேட்டாலும் 'மறுமுறுக்கு' என்றால்தான் அடையாளம் தெரியும். கேலிக்கு வைத்த பெயர். கல்யாணமான புதிதில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பெயரை நம்பித்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கிறது என்று தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டேன். இந்தச் சொர்ணத்தின் வாயை மூட வைப்பது லேசான காரியமில்லை. அதை நீங்களே போகப்போகப் பார்ப்பீர்கள்.

அவர் வயர்மேன். கவர்மெண்டு லைசென்ஸ் வாங்கினவர். அவருடைய அப்பனும் பாட்டனும் காட்டுப்பாக்கத்தில் அடுத்தவன் கழனியில் நாற்று பிடுங்கியே முதுகு வளைந்தவர்கள். கழனியெல்லாம் மனையானது, மனையெல்லாம் வீடானது, வீட்டுக்கெல்லாம் கரண்டு வந்தது. கழனிக்குப் போகவேண்டிய பிள்ளை ஒரு கான்ட்ராக்டரிடம் சுவரில் ரீப்பர் கட்டை அடிக்கப் போய்ச் சேர்ந்தார். அறுபதுகளில் செம்புக் கம்பி கண்ணில் காணக் கிடைக்காது. வீட்டுக்கு வீடு அந்தக் கட்டையின் மேல் அலுமினியக் கம்பியைத்தான் இழுத்துப் போட்டார்கள். செம்பை எப்படி முறுக்கிச் சேர்த்து டேப் சுற்றினார்களோ அப்படியே அலுமினியத்தையும் முறுக்கிச் சுற்றினார்கள். இவரும் அப்படித்தான் ஆரம்பத்தில் செய்தார்.

அப்புறம் அந்த வீடுகளிலிருந்தே ஆள் வரத் தொடங்கியது. போர்டு கருகுது, விளக்கு கண் சிமிட்டுது, ரப்பர் எரிகிற நாற்றம் அடிக்குது என்று. போய்த் திறந்து பார்த்தால் எல்லா இடத்திலும் ஒரே கதை. கம்பி நல்லாவே இருக்கும். இரண்டு கம்பி சேர்கிற மூட்டுதான் வெந்திருக்கும். அதிலும் பழைய அலுமினியத்தோடு புதிதாகச் செம்பைச் சேர்த்த மூட்டு என்றால் கேட்கவே வேண்டாம். வெந்த மூட்டுகளைப் பார்த்துப் பார்த்தே அவர் கற்றுக்கொண்டார். கற்றதை எல்லாம் என்னிடம்தான் கொட்டுவார். சோறு போட்டால் கம்பி, குழம்பு ஊற்றினால் கம்பி. எனக்கு வேண்டுமோ வேண்டாமோ, பாடம் ஏறிவிட்டது.

அலுமினியத்தைச் சுரண்டினால் பளபளவென்று இருக்கும். ஆனால் காற்று பட்ட உடனே அதன் மேல் ஒரு தோல் படிந்துவிடும், கண்ணுக்கே தெரியாது. கரண்டுக்கு அந்தத் தோலைத் தாண்டுவது கஷ்டம். கஷ்டப்படுகிற இடத்தில் சூடு ஏறும். பக்கத்தில் செம்பையும் ஒட்டி முறுக்கிவிட்டால், மழைக்கால ஈரத்தில் அலுமினியம் அரித்து வெள்ளைத் தூளாக உதிரும். சூட்டில் இரண்டும் ஒரே அளவாக விரியாது, அலுமினியமோ அழுத்தின இடத்தில் மெல்ல மெல்ல நசுங்கிக் கொடுத்துவிடும். பிடி தளரும். பிடி தளர்ந்தால் இன்னும் சூடு. இதில் பெரிய கொடுமை என்னவென்றால் பியூஸ் போகாது. அளவுக்கு மேல் கரண்டு இழுத்தால்தான் பியூஸுக்கு உறைக்கும். மூட்டு உள்ளுக்குள்ளே வெந்துகொண்டிருந்தால் அதற்கு ஒன்றும் தெரியாது. கட்டை கருகி நாற்றம் வந்து வீட்டு மனுஷருக்குத்தான் தெரியவேண்டும்.

அதனால் அவர் முறுக்குகிற வேலையை விட்டே விட்டார். மெயினை இறக்குவார். பியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார், வேறு யாரும் மறந்துபோய்ச் சொருகிவிடக் கூடாது என்று. டெஸ்டரை வைத்துப் பார்ப்பார். கம்பியின் மேல்தோலைப் பென்சில் சீவுவதுபோல் சாய்வாகச் சீவுவார், சுற்றி வெட்டினால் அலுமினியத்தில் கீறல் விழுந்து ஒடிந்துவிடும் என்பார். சீவின இடத்தில் வாசலினைத் தடவி, அந்த வாசலினுக்குள்ளேயே உப்புத்தாளால் தேய்ப்பார். அப்போதுதான் காற்று பட்டு மறுபடி தோல் கட்டாதாம். என் முகத்துக்கு வாங்கின வாசலின் டப்பா எல்லாம் ஊரார் சுவருக்குத்தான் போனது. பிறகு பீங்கான் கட்டை. உள்ளே ஈயம் பூசின பித்தளைக் குழல், மேலே இரண்டு திருகு. ஒரு வாயில் அலுமினியம், எதிர் வாயில் செம்பு. நடுவில் ஒன்றை ஒன்று தொடாது. ஒரு திருகுக்கு ஒரு கம்பி. சுவரில் அடித்த மரப்பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவார்.

அதோடு விடமாட்டார். "கொஞ்ச நாளு ஓட்டுங்க. கம்பி ஒக்காந்துக்கும். அப்பால நான் வந்து பாத்து, திருகு தளர்ந்திருந்தா முறுக்கிட்டுப் போறேன்" என்பார். சொன்னபடி போவார். அதற்குக் கூலி கேட்கமாட்டார். வேறு எந்த வயர்மேனும் வேலை முடிந்த வீட்டுக்குத் திரும்பிப் போக மாட்டான், போனால் பழுதைத் தலையில் கட்டுவார்கள் என்ற பயம். இவர் தானே போய்க் கதவைத் தட்டுவார். "மறுமுறுக்கு வந்துட்டாரு" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே உள்ளே விடுவார்கள். பெண்கள் தனியாக இருக்கிற வீட்டில்கூட ஸ்டூலை எடுத்துப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார்கள். அவ்வளவு நம்பிக்கை. எங்கள் வீட்டில் வேறு சொத்து எதுவும் கிடையாது.

என் தம்பி கஜபதி அவரிடம்தான் வேலை பழகினான். இளைஞன், துறுதுறுப்பு, வாய்ச்சாலகம். பிறவியிலேயே இடது கைக்காரன். இடது கையால் சாப்பிடுகிறான் என்று அம்மா கெங்கம்மாள் அவனைச் சாத்து சாத்து என்று சாத்தியும் அந்தக் கை மாறவில்லை. நான் குறுக்கே விழுந்து அவனுக்காக அடி வாங்கியிருக்கிறேன். அவன் தனியாகத் தொழில் பார்க்கத் தொடங்கியபோது முதல் டெஸ்டர் வாங்கிக் கொடுத்ததும் என் வீட்டுக்காரர்தான். வானகரத்தில் அவனுக்குப் பெண்ணும் பார்த்தாயிற்று. துலுக்கானம் என்பவரின் மகள் சுசீலா. துலுக்கானம் சொந்தமாக வீடு கட்டி, லாரி வைத்து ஓட்டுகிறவர். கை கனமான இடம்.

எழுபத்தைந்தாம் வருஷம் பங்குனியில் என் வீட்டுக்காரர் ஏணியிலிருந்து விழுந்தார். வலது கால் முறிந்து மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தார். கால் வலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தையிலும் மாசியிலும் வேலை செய்த வீடுகளுக்கு மறுமுறுக்குக்குப் போகவேண்டுமே என்றுதான் புலம்பல். அவை எல்லாம் பழைய அலுமினிய வீடுகள். இஸ்திரிப்பெட்டிக்கும் மேசை விசிறிக்கும் புதிதாகப் பிளக் பாயிண்ட் கேட்டுச் செம்புக் கம்பி சேர்த்த வீடுகள்.

"நீ இன்னாத்துக்கு மாமே பேஜாராவுற?" என்றான் கஜபதி. "நான் போய்ப் பாத்துட்டு வரேன். எந்தெந்த ஊடுன்னு மட்டும் சொல்லு."

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "மெயின எறக்கிட்டுத்தான் கை வெக்கணும்டா. ரொம்பவும் இறுக்காத, அலுமினியம் நசுங்கிடும்."

"எனுக்குத் தெரியாதா? உன் கையில கத்துக்கினவன் நான்."

போனான். வீடு வீடாகப் போனான். 'மறுமுறுக்கு அனுப்பினார்' என்று சொன்னதும் எல்லாக் கதவும் திறந்தது. கடைசியில் எங்கள் வீட்டுக்கும் வந்தான். எங்கள் கூடத்திலும் மேசை விசிறிக்காக ஒரு செம்பு இணைப்பு உண்டு. அவர் அன்றைக்குக் கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். "உங்க ஊட்டுதயும் முறுக்கிட்டுப் போறேங்க்கா" என்றான். என் மகள் கஸ்தூரி சுவர் ஓரம் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். பெட்டி நேர் மேலே. "புள்ளைய கொஞ்சம் நவுத்திப் போடுக்கா, தூசி உழும்" என்றான். நகர்த்திப் போட்டேன். ஸ்டூல் ஆடியது. அவன் ஏறினான், நான் கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். இறங்கினதும் காபி கொடுத்தேன். தம்பிக்கு எவ்வளவு பொறுப்பு வந்துவிட்டது என்று அன்று சாயங்காலம் இவரிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

வெயில் போய், ஐப்பசி மழை கொட்டித் தீர்த்து, கார்த்திகை வந்தது. இவர் கால் கூடி மறுபடி சைக்கிள் மிதிக்க ஆரம்பித்திருந்தார். பூந்தமல்லியில் சண்முகசுந்தரம் சார் வீடு. தெற்கத்திக்காரர், ஆவடியில் ஃபாக்டரி உத்தியோகம். அவர் மனைவி ஜெகதாம்பாள் ஒரு மத்தியானம் உட்கார்ந்து வீட்டுத் துணி மொத்தத்துக்கும் இஸ்திரி போட்டிருக்கிறார். ஏதோ கருகுகிற வாசனை. துணிதான் தீய்ந்துவிட்டதோ என்று இஸ்திரிப்பெட்டியைத் தூக்கித் தூக்கிப் பார்த்திருக்கிறார். அதற்குள் தலைக்கு மேலே இருந்த மரப்பெட்டி எரிந்து, மூடி உருகி, ஜன்னல் திரையில் தீப்பிடித்துவிட்டது. திரையை இழுத்தபோது அந்த அம்மாளின் வலது கை முழங்கை வரை வெந்துபோனது. பக்கத்து வீட்டு ஆள் ஓடிவந்து மெயினை இறக்கியிருக்கிறார். உயிர் தப்பியது.

மறுநாள் காலையில் சண்முகசுந்தரம் சார் எங்கள் வாசலில் வந்து நின்றார். கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. கையில் காகிதப் பொட்டலம். அதை வாசற்படியில் போட்டார்.

"பிரிச்சுப் பாரு வேம்புலி. உன்ன வீட்டுக்குள்ள விட்டதுக்கு நீ குடுத்த கூலி."

இவர் பிரித்தார். நானும் பின்னால் நின்று பார்த்தேன். கருகிப்போன ஒரு மூட்டு. உருகின கறுப்பு டேப். உள்ளே அலுமினியத்தையும் செம்பையும் சேர்த்து முறுக்கியிருந்தது. அலுமினியம் பாதி தின்றுபோய் வெள்ளைத் தூளாக ஒட்டிக்கொண்டிருந்தது. பீங்கான் கட்டையைக் காணோம். அது எரியாத பொருள். இருந்திருந்தால் கரி பிடித்தாவது கிடைத்திருக்கும்.

இவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தலை நிமிராமல் சொன்னார். "எங்க வேலதான் சார். தப்பு ஆயிடுச்சு. அம்மாவுக்குக் கை எப்பிடி கீது?"

"அதக் கேக்க உனக்கு வாய் வருதா?" என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

நான் அவர் முன்னால் போய் நின்றேன். "ஏன்யா, உனுக்கு இன்னா புத்தி கெட்டுப்போச்சா? நீ எப்பய்யா முறுக்கின? நீ முறுக்கி நான் பாத்ததே கெடையாதே."

"உடு சொர்ணம்."

"இன்னாத்த உடறது? குடு அத இப்பிடி."

பிடுங்கிப் பார்த்தேன். எத்தனை பேர் கம்பி முறுக்கி நான் பார்த்திருக்கிறேன். வலது கைக்காரன் முறுக்கினால் புரி ஒரு பக்கமாக ஓடும். இது எதிர்ப்பக்கம் ஓடியது. டேப் மிச்சமிருந்த இடத்தில் அந்தச் சுற்றும் எதிர்ப்பக்கம். அந்தக் கையை எனக்குத் தெரியும். அந்தக் கைக்காக நான் அடி வாங்கியிருக்கிறேன். அவரைப் பார்த்தேன். அவருக்கும் பார்த்த மாத்திரத்தில் தெரிந்திருக்கிறது.

"அவன் என் பேரச் சொல்லித்தான உள்ள போனான்," என்றார். "அனுப்பினது நானு. தையில அவனுக்குக் கல்யாணம். உங்கம்மா மூஞ்சிய நான் பாக்க வேணாவா?"

கட்டின சேலையோடு அம்மா வீட்டுக்குப் போனேன். கஜபதி முகம் பார்க்கிற கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்தான். கருகின மூட்டை அவன் முன்னால் வைத்தேன். ஒரு தடவை பார்த்தான், சீப்பை வைக்கவில்லை.

"பீங்கான் கட்ட எங்கடா?"

"மார்க்கெட்ல சரக்கே இல்லக்கா. பாரிஸ் கார்னர் வரிக்கும் போய்ப் பாத்துட்டேன். அந்த நேரம் வானகரத்து மாமா ஊட்ல லைன் சேத்துகினு இருந்தேன். முறுக்கி வுட்டாலும் கரண்டு போவத்தான செய்யுது? இன்னா இப்ப, எல்லாரும் முறுக்கறதுதான."

"எல்லாரும் முறுக்கறதுதானேன்னா, வானகரத்துலயும் முறுக்கி வுட்டிருக்க வேண்டிதான?"

அப்போதுதான் அவன் என் பக்கம் திரும்பினான். நான் ஏதோ புரியாமல் கேட்டுவிட்ட மாதிரி பொறுமையாகச் சொன்னான். "அங்க எப்பிடிக்கா முறுக்கறது? அந்த ஊடு என் ஊடு ஆவப்போவுது."

தெரியாமல் செய்திருந்தால் முட்டாள் என்று நாலு வார்த்தை திட்டிவிட்டு அழுதிருப்பேன். எது சுடும், எது சுடாது என்று அவனுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. சுடாததைத் தனக்கு எடுத்து வைத்துக்கொண்டு, சுடுகிறதை ஊராருக்கு விட்டுவிட்டு வந்திருக்கிறான்.

"ஜெகதாம்பா அம்மா கை வெந்துபோச்சுடா. உங்க மாமா பேரு நாறிப்போச்சு."

"மாமா பேரு பெரிய பேருக்கா. அது தாங்கும். நானு இப்பத்தான் தொழிலுக்கு வந்துகினு கீறேன். நீயே சொல்லு."

எத்தனை வீட்டில் பீங்கான் கட்டையைக் கழற்றினாய் என்று கேட்டேன். போன வீட்டில் எல்லாம் என்றான். அதையும் சாதாரணமாகத்தான் சொன்னான்.

திரும்பி வந்து இவரிடம் சொன்னதும் மனுஷன் எழுந்து நின்றுவிட்டார். அதுவரை ஒரு வீட்டுக்குத்தான் தலை குனிந்தோம் என்று நினைத்திருந்தார். இத்தனை வீட்டில் இத்தனை மூட்டு உள்ளுக்குள்ளே வெந்துகொண்டிருக்கிறது என்றால் சும்மா இருக்க முடியுமா? கருவிப் பையை எடுத்துக்கொண்டு சைக்கிளில் கிளம்பினார். கையிருப்பில் இருந்த பீங்கான் கட்டைகளையும், வேலை செய்யாமல் கிடந்த பழைய போர்டுகளில் இருந்து கழற்றினவற்றையும் அள்ளிப் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் பை அப்படியே கனமாகத் திரும்பி வந்தது. ஒரு வீட்டில்கூட உள்ளே விடவில்லை. ஜெகதாம்பாள் கை வெந்த சேதி அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. 'எங்க வேலதான்' என்று அவரே ஒப்புக்கொண்ட சேதியும் கூடவே போயிருந்தது. காட்டுப்பாக்கத்தில் பஞ்சவர்ணம் என்கிற அம்மாள், தாழ்ப்பாளைக்கூட எடுக்காமல் ஜன்னல் வழியாக, "ஒரு ஊட்டக் கொளுத்தினது பத்தலியா? எங்க ஊட்டயும் வந்து கொளுத்தப் போறியா?" என்று கேட்டிருக்கிறாள். அந்தப் பாயிண்டை உபயோகிக்காதீர்கள் என்று வாசலில் நின்றே கெஞ்சியிருக்கிறார். யார் கேட்பார்கள்? அவர்கள் கண்ணுக்கு அவர்தான் கொளுத்தினவர்.

"மெய்ய சொல்லேன்யா," என்றேன். "நான் முறுக்கல, அவன் முறுக்கினதுன்னு சொல்லு. அப்ப தொறப்பாங்க."

"சொன்னா அவன் கல்யாணம் நின்னுபூடும்."

"சொல்லலன்னா யார் ஊட்டுப் புள்ளயாவது எரிஞ்சிபூடும்."

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர் மேலும் கோபம் கோபமாக வந்தது. என் தம்பி என்று பார்த்து எனக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறார். அதை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? என்னைக் கேட்காமலேயே என் பெயரால் ஒரு பொய்யைச் சொல்லி, அந்தப் பொய்யாலேயே ஊர்க்கதவை எல்லாம் சாத்திக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். இரண்டு ஆண்பிள்ளைகளும் சேர்ந்து என்னை நடுவில் நிறுத்திவிட்டார்கள்.

மறுநாள் காலையில் கருகின மூட்டை முந்தானையில் முடிந்துகொண்டு நேராகப் பூந்தமல்லிக்குப் போனேன். ஜெகதாம்பாள் அம்மாள் கை முழுக்கக் கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் உட்காரவில்லை. முடிச்சை அவிழ்த்துக் காட்டினேன்.

"இத என் ஊட்டுக்காரரு செய்யலம்மா. என் கூடப் பொறந்தவன் செஞ்சான். கஜபதி. மறுமுறுக்குக்குன்னு வந்தானே, அவன். பீங்கான் கட்டய கய்ட்டிகினு போய் மாமனார் ஊட்டுக்கு வெச்சான். மத்த ஊட்லயும் இப்பிடியேதான் கீது. எங்கள உள்ள உட மாட்றாங்க."

அந்த அம்மாள் கட்டில்லாத கையால் அதைத் தொட்டுப் பார்த்தார். "அந்தப் பையன் வந்தப்ப நான் மோர் குடுத்தேன்," என்றார். "மறுமுறுக்கு மச்சான்னு சொன்னான். நல்ல பிள்ளைன்னு நினைச்சேன்." பிறகு, "உன் புருஷன் ஏன் பொய் சொன்னான்? அவன் சொன்ன பொய்யும் என் கையச் சுட்டதுதான். உங்க குடும்பத்துக்குள்ள மறைக்கிறதுக்கு எங்க வீடுதான் கிடைச்சுதா?" என்றார். கேட்கவேண்டிய கேள்விதான்.

ஆனாலும் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். கட்டுப் போட்ட கையோடு என்னுடன் பஸ் ஏறினார். அவர் வந்து நின்றதால்தான் பஞ்சவர்ணம் தாழ்ப்பாளை எடுத்தாள். ஒவ்வொரு வாசலிலும் நான் என் தம்பி பெயரைச் சொன்னேன். சொல்லச் சொல்ல நாக்கு கசந்தது. ஆனால் சொன்ன இடத்தில் எல்லாம் கதவு திறந்தது.

இவருக்குச் சொல்லி அனுப்பினேன். வந்தார். மெயினை இறக்கி, பியூஸ் கட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பெட்டியாகத் திறந்தார். எல்லாவற்றிலும் அதே எதிர்ப்புரி. ஒரு வீட்டில் ஸ்விட்சைப் போட்டு மேசை விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது, பெட்டி மூடியில் பழுப்பு ஏறியிருந்தது. பஞ்சவர்ணம் வீட்டில் டேப் இளகி ஒழுகியிருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கெட்டுப்போன முனைகளை எல்லாம் வெட்டித் தள்ளி, நல்ல கம்பி வருகிற வரை சீவி, வாசலின் தடவி, தேய்த்து, பீங்கானில் பூட்டினார். சிரிப்பு, கேலி ஒன்றும் இல்லை. ஸ்டூலை எடுத்துப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போகிற பழக்கம் போய்விட்டது. இவர் இறங்குகிற வரைக்கும் வீட்டில் யாராவது ஒருவர் பக்கத்திலேயே நின்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வேலை எல்லாம் முடிந்து நாங்கள் வீடு வந்து சேர்ந்த அன்று அம்மா வந்தாள். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"கூடப் பொறந்தவன ஊடு ஊடா போய்க் காட்டிக் குடுத்துட்டு வந்துகீறியேடி. நீ ஒரு பொம்பளயா? வானகரத்துக்காரங்க காதுக்குப் போனா இன்னா ஆவும்?"

வானகரத்துக்கு ஏற்கெனவே போயிருந்தது. துலுக்கானம் அதை ஒரு குற்றமாகவே எடுத்துக்கொள்ளவில்லையாம். 'எங்க ஊட்டு வேலய சோக்கா செஞ்சிருக்கான், நமக்கு அதான வேணும்' என்றாராம். அதை அம்மாவே பெருமையாகச் சொன்னாள். கல்யாணம் நிற்கவில்லை. நின்றுவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டிருந்த மனுஷன்தான் மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவன் சின்னப் பையன், ஒரு தப்பு பண்ணிட்டான்," என்றாள் அம்மா. "மத்தவங்க ஊட்லதான பண்ணான்? உனுக்கு இன்னாடி கெடுத்தான்? உம்மேல உசுர வெச்சிகீறான்."

அது ஒன்றுதான் எனக்கும் மிச்சமிருந்தது. ஆயிரம் திட்டினாலும் அக்கா என்றால் அவனுக்கு உசிர் என்று உள்ளுக்குள் நம்பிக்கொண்டுதான் இருந்தேன்.

இவர் எழுந்தார். "நம்ப பெட்டியயும் பாத்துட்றேன்," என்றார்.

"நம்பளுது வேணாம்யா," என்றேன். "நான்தான் ஸ்டூலப் புடிச்சிகினு நின்னேனே. என் எதிர்லதான் முறுக்கினான்."

அவர் மெயினை இறக்கினார். பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சுவர் ஓரம் கஸ்தூரி படுத்திருந்தாள். அவளைத் தூக்கி அம்மாவின் மடியில் கொடுத்தார். ஸ்டூலை நான் பிடித்துக்கொண்டேன், அது இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. மேலே ஏறி மூடியைக் கழற்றினார். கழற்றிவிட்டு உள்ளே கையே வைக்காமல் கீழே இறங்கி, என்னை ஏறிப் பார்க்கச் சொன்னார்.

ஏறினேன். பீங்கான் இல்லை. கறுப்பு டேப்தான் இருந்தது. சுற்று எதிர்ப்பக்கமாக ஓடியது. டேப்பின் ஓரத்தில் வெள்ளைத் தூள் கசிந்து பெட்டியின் அடியில் கொட்டியிருந்தது.

அம்மா கீழே இருந்து "இன்னாடி? இன்னா கீது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்தத் தூளை விரலில் தொட்டு எடுத்து வந்து அவள் கண்ணுக்கு நேரே காட்டினேன். அவளும் அவனைப் பெற்றவள்தான், அந்தச் சுற்றை அண்ணாந்து பார்த்ததும் அவளுக்கும் தெரிந்துவிட்டது. திறந்த வாயை மூடிக்கொண்டு, மடியில் கிடந்த பேத்தியின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

தூசி விழும், பிள்ளையை நகர்த்திப் போடு என்று சொன்னான். அவன் போனதும் பழைய இடத்திலேயே இழுத்துப் படுக்க வைத்தேன். இத்தனை மாதமும் அவள் அந்தப் பெட்டிக்குக் கீழேதான் தூங்கினாள்.